நான் கரும்பலகையில் எழுதிய முன்னுரை

போன கிழமை எங்கள் ஒழுங்கையில் இருக்கிற பிள்ளை ஒருத்தி, உயர்தர இந்து நாகரிகப் பாடத்துக்கு எழுதிய கட்டுரையோடு வந்தாள். "மாஸ்டர், ஒருக்கால் பாத்துத் தாங்கோ" என்றாள். வினா இதுதான்: முத்தி நிலையில் உயிர் இறைவனோடு ஒன்றாகிவிடுகிறதா? சைவசித்தாந்தத்தையும் சங்கரரின் அத்வைதத்தையும் ஒப்பிட்டு ஆராய்க.

நடுப்பகுதி நன்றாகவே இருந்தது. உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் காட்டும் 'தாடலை' உவமையைக்கூட அழகாக விளக்கியிருந்தாள். தாள், தலை என்ற இரண்டு சொற்கள் சேர்ந்து தாடலை என்று ஒன்றாக ஒலிக்கின்றன, ஆனால் இரண்டின் பொருளும் அழிவதில்லை. முத்தியில் உயிரும் இறைவனும் அப்படித்தான் என்பது சித்தாந்தம்.

முன்னுரையை வாசித்ததும்தான் எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. அது நான் அந்தக் காலத்தில் வருடாவருடம் கரும்பலகையில் எழுதிப்போட்ட முன்னுரை. எத்தனை கொப்பிகள் தாண்டி இவளிடம் வந்ததோ!

வலுவற்ற முன்னுரை: "இந்து சமயம் உலகின் மிகப் பழைமையான சமயங்களுள் ஒன்றாகும். அதில் பல தத்துவங்கள் உள்ளன. அவற்றுள் சைவசித்தாந்தம் தலைசிறந்தது. இக்கட்டுரையில் முத்தி பற்றி நோக்குவோம்."

வினாவைக் கையால் மறைத்துவிட்டு இதை வாசித்துப் பாருங்கள். என்ன கேட்டார்கள் என்று சொல்ல முடியாது. கோயில் பற்றிய வினாவுக்கும் கடைசி வசனத்தை மாற்றி ஒட்டிவிடலாம். போதாததற்கு, ஆராய முன்னரே 'தலைசிறந்தது' என்று தீர்ப்பும் சொல்லியாயிற்று. இருவரும் இருந்து இப்படி மாற்றினோம்.

வலுவான முன்னுரை: "முத்தியில் உயிருக்கும் இறைவனுக்கும் பிரிவில்லை என்பதை இரு மரபுகளும் ஏற்கின்றன. பிரிவில்லை என்பதன் பொருள் என்ன என்பதிலேயே அவை வேறுபடுகின்றன. சங்கரருக்கு அது ஒரே பொருளாய் இருத்தல். மெய்கண்டார் மரபுக்கு அது இரு பொருள்கள் பிரிக்க முடியாதபடி கூடி நிற்றல். முத்தி இன்பத்தை நுகர்பவர் யார் என்று கேட்கும்போது இவ்வேறுபாடு தெளிவாகும் என்பதே இக்கட்டுரையின் வாதம்."

இதில் ஒரு வசனம்தான் கூட. ஆனால் சிக்கல் எந்தச் சொல்லில் இருக்கிறது, கட்டுரை எந்தக் கேள்வியால் அதை அவிழ்க்கப் போகிறது என்பது இரண்டும் இதில் இருக்கின்றன.

அடுத்தது முடிவுரை. வலுவற்றது: "எனவே மேற்கூறியவற்றிலிருந்து சைவசித்தாந்தம் கூறும் முத்தியே உண்மையானது என்பது தெளிவாகிறது. நாமும் சிவனை வழிபட்டு முத்தி பெறுவோமாக."

"நான் சைவப்பிள்ளை தானே மாஸ்டர், இப்பிடி எழுதினா என்ன பிழை?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

"கோயிலில நின்று சொல்லு பிள்ளை, ஒரு பிழையும் இல்லை. இங்க உன்னை வழிபடச் சொல்லிக் கேக்கேல்லை, ஆராயச் சொல்லிக் கேட்டிருக்கினம். சங்கரர் பக்கத்து ஆள் ஒருவர் இதை வாசிச்சா, தன்ர கட்சியைச் சரியாச் சொல்லியிருக்கிறாய் எண்டு ஒத்துக்கொள்ள வேணும்" என்றேன்.

வலுவான முடிவுரை: "தாடலை உவமை காட்டியதுபோல, சித்தாந்த முத்தியில் உயிர் இறைவனோடு ஒன்றாகிறது, ஆனால் ஒரே பொருளாவதில்லை. இன்பத்தை நுகர ஓர் உயிர் வேண்டும் என்ற வாதம் இந்நிலைப்பாட்டுக்கு வலுச் சேர்க்கிறது. ஆனால் பிரமமே ஆனந்தம், அதை நுகர வேறொருவர் தேவையில்லை என்று கொள்ளும் அத்வைதத்தை அவ்வாதம் வீழ்த்திவிடாது. உயிர் என்பது என்ன என்பதிலேயே இரு மரபுகளும் முன்னரே பிரிந்துவிட்டன. முத்தியில் காணும் வேறுபாடு அதன் விளைவே."

இதில் புதிய சான்று ஒன்றும் இல்லை. தாடலை நடுப்பகுதியில் வந்ததுதான். ஆனாலும் முன்னுரை நின்ற இடத்திலிருந்து ஒரு படி தாண்டியிருக்கிறது. வினாவுக்கு நேர்விடை, அந்த விடையின் பலம், அது எதுவரை செல்லும் என்ற எல்லை மூன்றும் வந்துவிட்டன. முன்னுரையையும் முடிவுரையையும் அடுத்தடுத்து வைத்து வாசித்தால், இரண்டும் ஒன்றையே சொல்லுமானால் நடுவில் எழுதியதெல்லாம் வீண் என்று அர்த்தம்.

அவளுக்கு ஒரு வழி சொன்னேன். எழுதத் தொடங்க முன் முடிவை ஒரே வசனத்தில் ஓரத்தில் எழுதி வை. அதற்குப் பிறகு முன்னுரையை எழுது. அந்த வசனம் வரவில்லை என்றால் உனக்கு இன்னும் விடை தெரியாது. பாடத்தைத் திருப்பி வாசி.

அவள் போன பிறகு நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன. ஆயத்த முன்னுரை கொடுத்தது பிள்ளைகளின் பயத்தைப் போக்கத்தான். ஆனால் ஒப்பிடும் முன்னரே 'தலைசிறந்தது' என்று எழுதப் பழகிய பிள்ளை, மற்றவரின் சமயத்தைப் பற்றி ஒரு வசனம் நிதானமாக எழுத எங்கே பழகியிருக்கும்? என்னிடம் படித்தவர்கள் யாராவது இதை வாசித்தால், அந்தக் கொப்பியை உங்கள் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்.