யாரிடமிருந்து சுயேச்சை?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் ஒப்பந்தக் கூலிகளைப் பற்றி ஆய்வேடு எழுதி, வைவா முடித்துப் பட்டமும் வாங்கிய தம்பி கேட்டான்: "அண்ணே, கட்டுரைக்குக் கீழே இன்னும் 'ஆய்வு மாணவர்'னு போடலாமா?"

கூடாது. 'சுயேச்சை ஆய்வாளர்'னு போடு.

ஆனால் யாரிடமிருந்து சுயேச்சை தோழர்களே? பட்டியல் சாதியினருக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை ஐந்து வருஷம், இல்லையேல் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் நாள். எது முந்துகிறதோ அதோடு சரி. வைவா வருவதற்குள் மாதங்கள் ஓடும். அதுவரை சோத்துக்கு? சொத்துள்ளவனும் இதே சொல்லைத்தான் போட்டுக்கொள்கிறான். அவனுக்கு அது ஓய்வு, நமக்கு வேலையின்மை.

அதற்காகப் பல்கலைக்கழகத்தை விட்டுக்கொடுத்துவிடாதே. ஆய்வேட்டிலிருந்து எடுத்த கட்டுரையில் அதன் பெயர் நிற்கட்டும். உழைப்பு அங்கே நடந்தது. அடிக்குறிப்பில் 'தற்போது: சுயேச்சை ஆய்வாளர், கும்மிடிப்பூண்டி'னு போடு. பட்டத்துக்குப் பிறகு புதுசாய்ச் செய்த ஆய்வுக்கு மட்டும் அந்தப் பெயரை இழுக்காதே, அது பொய். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கிய அயோத்திதாசருக்கு எந்தப் பல்கலைக்கழகம் முகவரி கொடுத்தது?

தம்பி எழுதிக்கொண்டான். ஊர்ப் பேரில் மட்டும் பேனா நின்றது. "கான்ட்ராக்டர் பாத்தா எங்கப்பாவுக்கு நாளைக்கு கேட்டு திறக்காதுண்ணே."