சப்போர்ட்னா சுவர் இல்ல மச்சான், க்யூ

செமஸ்டர் முடிஞ்ச ராத்திரி எங்க ஹாஸ்டல்ல எந்த ரூமுக்குப் போனாலும் லேப்டாப்ல ஒரு சார்ட் ஓடும். அதுல படுக்கையா ஒரு கோடு. "மூணு தடவை இங்க வந்து திரும்பியிருக்கு மச்சான், செம சப்போர்ட்" என்று ஒருத்தன் சொல்வான். நானும் அதை நம்பி ஒரு பங்கு வாங்கினேன். நாலாவது தடவை அது திரும்பல. ரெண்டு மாச மெஸ் பில் காலி.

அந்தக் கோட்டுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு அப்புறம்தான் தேடிப் படித்தேன். கரோல் ஆஸ்லர் என்ற பொருளாதார அறிஞர், ஒரு பெரிய வங்கிக்கு வந்த கரன்சி ஆர்டர்களை எடுத்து ஆராய்ந்திருக்கிறார். லாபத்தை எடுத்துட்டு வெளியேறும் ஆர்டர்கள் ரவுண்டு நம்பரிலேயே குவிகின்றன. நஷ்டத்தை நிறுத்தும் ஸ்டாப் லாஸ் ஆர்டர்கள் ரவுண்டு நம்பரைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளிக் குவிகின்றன. காரணம் சிம்பிள். எல்லாரும் ஒரே சார்ட்டைப் பார்க்கிறோம், எல்லாருக்கும் 500 என்பது 499.35-ஐ விட ஈஸியா ஞாபகம் இருக்கும். "500 உடைஞ்சா வெளியே வந்துடலாம்" என்று நினைப்பவர்கள் எல்லாம் 498-ல் போய் நிற்கிறார்கள்.

இப்போ ஒரு கணக்கு போடுவோம். எண்கள் நானே வைத்தவை. 500 ரூபாயில் 10,000 பங்கு வாங்க ஆட்கள் காத்திருக்காங்க. 498-ல் 6,000 பங்குக்கு ஸ்டாப் லாஸ் இருக்கு. முதல் தடவை விலை 500-க்கு வரும்போது 4,000 பங்கு விற்கப்படுது, அதோட விற்பவர்கள் ஓய்ந்துவிடுகிறார்கள். விலை மேலே திரும்புது. சார்ட்டில் பார்த்தா "சப்போர்ட் தாங்கிடுச்சு". ஆனா க்யூவில் மிச்சம் 6,000தான். புதுசா யாரும் வந்து சேரலைன்னா, அடுத்த தடவை 8,000 பங்கு விற்க வருபவர் அந்த 6,000-ஐயும் முடித்துவிட்டு, மீதியை 499, 498 என்று கிடைத்த விலைக்குத் தள்ளுவார். 498-ல் ஒரு வியாபாரம் நடந்ததும் அங்கே தூங்கிக்கொண்டிருந்த 6,000 ஸ்டாப் லாஸும் விற்பனை ஆர்டராக முழிச்சுக்கும். எந்தச் செய்தியும் இல்லாமலேயே விலை சரியும். ரெசிஸ்டன்ஸில் இதே கதை தலைகீழா நடக்கும்.

அதனால "மூணு தடவை தொட்டதால ஸ்ட்ராங்" என்பதை நான் ஒத்துக்க மாட்டேன். ஒவ்வொரு தடவையும் க்யூ கரையுது. திரும்ப நிரம்புச்சா இல்லையான்னு கோடு சொல்லாது. மார்க்கெட் டெப்த்தில் பார்க்கலாமேன்னு கேட்பீங்க. தூங்குற ஸ்டாப் லாஸ் அதுல தெரியவே தெரியாது. (சில நேரம் ஸ்டாப் எல்லாம் தீர்ந்ததும் விலை மறுபடி 501-க்கு வந்துடும். உடனே "ஆபரேட்டர் வேலை" என்பார்கள். இருக்கலாம். ஆனா இதுக்கு ஆபரேட்டரே தேவையில்லை.)

நான் மாட்டினது இன்னொரு இடத்தில். 498-ல் ட்ரிகர், 497 லிமிட் என்று போட்டிருந்தேன். ட்ரிகர் ஆச்சு. ஆனா அதுக்குள்ள வாங்குபவர்கள் 494-க்கு இறங்கிட்டாங்க. 497-க்குக் கீழே விற்காதேன்னு நானே சொல்லியிருந்ததால் ஆர்டர் அப்படியே நின்னுடுச்சு, விலை மட்டும் இறங்கிட்டே இருந்தது. லிமிட் இல்லாத மார்க்கெட் ஆர்டராக இருந்தால் விற்றிருக்கும், ஆனா என்ன விலைக்குன்னு உத்தரவாதம் இல்லை.

அது எவ்வளவு மோசமா போகும் என்பதற்கு ஸ்விஸ் பிராங்க்கைப் பாருங்க. ஒரு யூரோ 1.20 பிராங்க்குக்குக் கீழே போக விடமாட்டோம் என்று 2011 செப்டம்பர் 6-ல் ஸ்விஸ் மத்திய வங்கி அறிவித்தது. உலகத்திலேயே இதைவிட உறுதியான சப்போர்ட் கிடையாதுன்னு நினைத்தவர்கள் ஏராளம். உண்மையில் அந்த க்யூவில் முக்கியமா நின்றது ஒரே ஒரு ஆள். 2015 ஜனவரி 15, நம்ம ஊர் நேரம் மதியம் 3 மணி. அந்த ஆள் எழுந்து போயிட்டார். சில நிமிஷத்தில் யூரோ 1 பிராங்க்குக்கும் கீழே. 1.1950-ல் ஸ்டாப் போட்டவருக்கு அந்த விலையில் வாங்க ஆளே இல்லை.

1.2010-ல் 10,000 யூரோ வாங்கியவர், 1.1950-ல் வெளியே வந்திருந்தால் 60 பிராங்க்தான் நஷ்டம். 1.02-ல்தான் ஆர்டர் நிறைவேறியிருந்தால் 1,810 பிராங்க். நூறு மடங்கு லெவரேஜில் அவர் கையிலிருந்து போட்ட பணமோ வெறும் 100 யூரோ. மீதிக் கடன் புரோக்கர் தலையில். எஃப்எக்ஸ்சிஎம் என்ற புரோக்கருக்கு வாடிக்கையாளர்கள் இப்படி வைத்த பாக்கி சுமார் 22.5 கோடி டாலர்.

கோடு போடுறதை நான் நிறுத்தல. ஆனா எத்தனை பங்கு வாங்கலாம் என்பதை இப்போ 498-ஐ வைத்து முடிவு பண்றதில்லை. 480-ல்தான் விற்க முடிஞ்சா அடுத்த மாச மெஸ் பில் கட்ட முடியுமான்னு பார்த்துட்டு வாங்குறேன். பெரும்பாலும் பத்து பங்குக்கு மேல தாண்டுறதில்ல.