பெற்றோர் மதுரையில், பிள்ளை டல்லாஸில்: நடுவில் இருக்கும் பிசினஸில் லாபம் எங்கே?

மதுரையில் அதிகாலை 3.30 மணி. 74 வயது அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுகிறார். இடுப்பில் வலி, எழ முடியவில்லை. கையில் போன் இருக்கிறது. டல்லாஸில் இருக்கும் மகனை அழைக்கிறார். அங்கே அப்போது மாலை 5 மணி. மகன் உடனே எடுத்துவிடுகிறார். ஆனால் அடுத்து அவர் யாரைக் கூப்பிடுவார்?

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் வெளிநாட்டில் நண்பர்கள் இருந்தால், இந்தப் பயத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அதற்கு விடையாகத்தான், வெளிநாடுவாழ் பிள்ளைகள் மாதச் சந்தா கட்ட, ஊரில் இருக்கும் பெற்றோரைக் கவனித்துக்கொள்ளும் சேவைகள் இந்திய நகரங்களில் வளர்ந்து வருகின்றன. "நாமும் ஒண்ணு ஆரம்பிக்கலாமே" என்று யோசிப்பவர்கள், முதலில் இந்தக் கணக்கைப் பார்த்துவிடுங்கள்.

தேவை ஏன் இப்போது கூடுகிறது?

வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வரும் பணத்தைப் பற்றிய ரிசர்வ் வங்கியின் ஆய்வில் ஒரு மாற்றம் தெரிகிறது. 2016-17இல் அந்தப் பணத்தில் கிட்டத்தட்ட 47 சதவீதம் வளைகுடா நாடுகளிலிருந்து வந்தது. 2023-24இல் அது சுமார் 38 சதவீதமாகிவிட்டது. அமெரிக்காவின் பங்கு மட்டும் 27.7 சதவீதம். பணம் பெறும் மாநிலங்களில் மகாராஷ்டிரா, கேரளாவுக்கு அடுத்து தமிழ்நாடு.

வளைகுடாவுக்குப் போனவர்களில் பலர் மனைவி, பிள்ளைகளை ஊரிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். வீட்டில் மருமகள் இருப்பார், பேரன் பேத்திகள் இருப்பார்கள். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போகிறவர்கள் பெரும்பாலும் குடும்பத்தோடு குடியேறுகிறார்கள். ஊரில் மிஞ்சுவது வயதான இரண்டு பேர், சில வருடங்களில் ஒருவர்.

108 இலவசமாக வரும்போது, எதற்குப் பணம்?

108 ஆம்புலன்ஸ் வாசல் வரை வரும். ஆனால் கேட் பூட்டியிருக்கிறது, உள்ளே தாழ்ப்பாள். திறப்பது யார்? மருத்துவமனையில் "கூட யார் வந்திருக்கீங்க?" என்று கேட்பார்கள். அட்மிஷனுக்கு முன்பணம் கட்ட, இன்சூரன்ஸ் கார்டைக் காட்ட, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று சொல்ல, ஒரு ஆள் வேண்டும். கடைசித் தகவல் மிக முக்கியம். இடுப்பு எலும்பு முறிவுக்கு முடிந்தவரை சீக்கிரம் ஆபரேஷன் செய்யப் பார்ப்பார்கள், அந்த மாத்திரை தெரியாமல் போனால் சிக்கல். முதியோருக்கான அரசின் 14567 உதவி எண்ணும் இரவு முழுக்க இயங்குவதில்லை.

எனவே குடும்பம் பணம் கொடுப்பது ஆம்புலன்ஸுக்கோ நர்ஸுக்கோ அல்ல. வீட்டின் மாற்றுச் சாவி வைத்திருக்கிற, மருந்துப் பட்டியல் தெரிந்த, கூடவே நிற்கிற ஒரு பொறுப்பான ஆளுக்கு. இந்தத் துறையில் அவருக்கு 'கேர் மேனேஜர்' என்று பெயர்.

சரி, கணக்கு போடலாம்

கீழே வருபவை உதாரணத்துக்காக நாம் வைத்துக்கொள்ளும் எண்கள். உங்கள் ஊர் சம்பளத்தைப் போட்டு மாற்றிப் பாருங்கள்.

மாதச் சந்தா 4,000 ரூபாய். வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போக வேண்டும். வீட்டில் ஒரு மணி நேரம், பயணம் 40 நிமிடம் என்றால், ஒரு கேர் மேனேஜர் நாளுக்கு 4 வீடு பார்க்கலாம். மாதம் 24 வேலை நாளில் 96 விசிட், அதாவது 24 குடும்பம். திடீர் மருத்துவமனை வேலைக்கு நேரம் ஒதுக்கினால், 20 குடும்பம்தான் நியாயம்.

20 குடும்பத்தில் வருமானம் 80,000 ரூபாய். மேனேஜர் சம்பளம், பெட்ரோல், போன் எல்லாம் சேர்த்து 33,000. "அட, பாதிக்கு மேல லாபமா?" என்று தோன்றும்.

இப்போது அந்த அதிகாலை 3.30 மணிக்கு வருவோம். 24 மணி நேரமும் போன் எடுக்க ஒரு நாற்காலிக்கு ஒரு ஆள் போதாது. வாரத்துக்கு 168 மணி நேரம், ஒருவர் 48 மணி நேரம் வேலை செய்தால் மூன்றரை ஆள். லீவையும் சேர்த்தால் 4 பேர். தலைக்கு 22,000 என்றாலும் 88,000 ரூபாய். வருமானம் 80,000, செலவு 1,21,000. மாதம் 41,000 நஷ்டம்.

அதே மேசை 200 குடும்பத்துக்கும் போதும் என்று வைப்போம். வருமானம் 8 லட்சம். 10 மேனேஜருக்கு 3,30,000, இரவு பகல் மேசைக்கு 88,000. மீதி 3,82,000இல் அலுவலகம், மென்பொருள், மாற்று ஆட்கள், விளம்பரம் எல்லாம் அடங்க வேண்டும். அப்போதுதான் பிசினஸ் மூச்சு விடும்.

இன்னொரு விஷயம், அந்த 200 வீடுகள் எங்கே இருக்கின்றன என்பது. ஒரு வீட்டுக்குப் போகும் பயணம் 40 நிமிடத்திலிருந்து ஒன்றரை மணி நேரமானால், நாளுக்கு 3 வீடுதான். ஒரு மேனேஜர் பார்க்கும் குடும்பம் 20இலிருந்து 15ஆகக் குறையும். இரவில் அரை மணியில் போய்ச் சேரவும் முடியாது. அதனால் 'தமிழ்நாடு முழுக்க சேவை' என்று தொடங்குவதைவிட, கே.கே.நகர், அண்ணா நகர் என்று மதுரையில் பக்கத்துப் பக்கத்துப் பகுதிகளில் வீடுகளைச் சேர்ப்பதே நல்லது. தொடக்க மாதங்களில் இரவு போன் நிறுவனரின் தலையணைப் பக்கத்தில்தான் இருக்கும். அதற்குத் தயாரா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே சறுக்கும்?

பணம் கட்டுவது மகன், சேவை பெறுவது அம்மா. பெரும்பாலான சிக்கல் இங்கேதான் முளைக்கும். "எனக்கு எதுக்குப்பா ஆளு? நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று அம்மா கதவைத் திறக்கமாட்டார். அல்லது திறந்து, நன்றாகப் பழகி, "சுகர் கூடினதை அவன்கிட்ட சொல்லாதம்மா, பயந்துடுவான்" என்பார். சொல்வதா, மறைப்பதா? இதை அன்றைக்கு யோசிக்கக் கூடாது. எதை மகனிடம் சொல்வோம், எதைச் சொல்லமாட்டோம் என்று சேரும் நாளிலேயே அம்மாவிடம் பேசி, எழுதி, அவர் கையெழுத்தை வாங்கிவிட வேண்டும். அவர் சம்மதிக்காவிட்டால் அந்தக் குடும்பத்தைச் சேர்க்காமல் விடுவதே மேல்.

அடுத்தது பணம். பழகிய பிறகு பெரியவர்களே ஏடிஎம் கார்டை நீட்டுவார்கள், ஓடிபி கேட்டு போனைக் கொடுப்பார்கள். ஊழியர் இதைத் தொடவே கூடாது. மருந்து, மின்கட்டணம் போன்ற செலவை நிறுவனமே கட்டி, ரசீதோடு மகனிடம் வசூலிக்கலாம். சாவியைப் பெயர் எழுதாமல், எண் மட்டும் போட்டு, பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும். யார், எப்போது எடுத்தார்கள் என்ற பதிவும் வேண்டும்.

மூன்றாவது, ஆள் மாறுவது. ஆறு மாதத்தில் மூன்று மேனேஜர் மாறினால், அம்மாவுக்கு அவர்கள் மூவருமே அந்நியர்கள்தான். சந்தா நிற்கப் போவதற்கு முதல் அறிகுறி புகார் அல்ல. "இந்த வாரம் வர வேண்டாம்" என்று அம்மா சொல்வது கூடுவதுதான். விசிட் ரத்தாகும் எண்ணிக்கையை வாரவாரம் பாருங்கள்.

தொடங்கும் முன் ஒரு சோதனை

ஆப் செய்யப் பணம் போடாதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் உங்கள் நண்பர்களில், ஒரே பகுதியில் பெற்றோர் இருக்கும் ஐந்து பேரைப் பிடியுங்கள். இலவசமாக வேண்டாம், முதல் மாதத்திலிருந்தே சந்தா வாங்குங்கள். மூன்று மாதம் நீங்களே வாரம் ஒருமுறை போங்கள். முடிவில் மகனிடம் மட்டும் கருத்துக் கேட்காதீர்கள். நீங்கள் போகாத ஒரு வாரத்தில், "ஏன் தம்பி வரலை?" என்று அந்த அம்மாவே போன் செய்கிறாரா என்று பாருங்கள். ஐந்தில் மூன்று வீட்டிலிருந்தாவது அந்த போன் வந்தால், ஆறாவது குடும்பத்தைத் தேடலாம்.