வியூஸ் விழுந்தா மொதல்ல டெலீட் பட்டனைத் தொடாதீங்க சாமி!

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மியா இருந்த ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நண்பர்கிட்ட இருந்து போன். மனுஷன் மூணு வருஷமா யூட்யூப்ல மாடித்தோட்டம் சேனல் நடத்தறார். "மாப்ள, அல்காரிதம் என்னைக் கழட்டி விட்டுடுச்சுடா. வியூஸ் பாதிக்கு மேல போச்சு. பழைய வீடியோ எல்லாம் சேனலைக் கீழ இழுக்குதாம், அதான் பதினாலு வீடியோவைத் தூக்கிட்டேன்"ன்னார்.

"பிரைவேட்ல போட்டியா, டெலீட் பண்ணினியா?"

"டெலீட்."

எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. பிரைவேட்ல போட்டிருந்தா எப்ப வேணாலும் திரும்பக் கொண்டு வரலாம். டெலீட் பண்ணினது போனது போனதுதான். கையில வீடியோ கோப்பு இருந்து மறுபடி ஏத்தினாலும் அது புது வீடியோவாத்தான் பூஜ்யத்துல ஆரம்பிக்கும்.

இந்த 'அல்காரிதம்' என்ற வார்த்தை மேல எனக்கு ரொம்ப நாளா ஒரு கடுப்பு உண்டு. அந்தக் காலத்துல எது நடந்தாலும் "கிரகம் சரியில்லை"ன்னு சொல்வாங்க இல்லையா, அது மாதிரி ஆயிடுச்சு இது. சொன்னா மனசு ஆறும், ஆனா எதை மாத்தணும்னு தெரியாது. யூட்யூப்காரங்களே பல வருஷமா சொல்றது என்னன்னா, 'அல்காரிதத்துக்கு என்ன பிடிக்கும்'னு கேக்கறதை விட்டுட்டு 'பாக்கறவங்களுக்கு என்ன பிடிக்கும்'னு கேளுங்கங்கறதுதான். அது முழு உண்மை இல்லைன்னாலும் முக்கால் உண்மை.

மீதி கால் உண்மைக்கு ஒரு நல்ல உதாரணம் 2025 ஆகஸ்ட்ல நடந்தது. நிறைய சேனல்கள்ல, குறிப்பா டெக்னாலஜி பேசற ஆங்கில சேனல்கள்ல, பார்வை எண்ணிக்கை திடீர்னு இறங்குச்சு. எல்லாரும் அல்காரிதம் மாறிடுச்சுன்னுதான் கத்தினாங்க. ஆனா தோண்டிப் பாத்தவங்களுக்கு விசித்திரமா ஒண்ணு தெரிஞ்சது. கம்ப்யூட்டர்ல பாக்கறவங்க எண்ணிக்கை மட்டும்தான் விழுந்திருக்கு, மொபைலும் டிவியும் அப்படியே இருக்கு. லைக் குறையலை, வருமானமும் பெருசா குறையலை. அதாவது ஆட்கள் வந்து பாத்துட்டுத்தான் இருந்திருக்காங்க, எண்றதுதான் தப்பிப் போயிருக்கு. விளம்பரத் தடுப்பான் மாதிரி கருவிகள் போட்டுக்கிட்டு பாக்கறவங்களால பார்வைக் கணக்கு சரியா பதிவாகாம போகலாம்னு அப்புறம் யூட்யூபே சொன்னாங்க. அந்த நேரத்துல பயந்து தம்ப்நெயிலை எல்லாம் மாத்தினவங்க, இல்லாத வியாதிக்கு மருந்து சாப்ட்டவங்க :-)

அதனால மொத வேலை, விழுந்தது நிஜமான்னு பாக்கறது. ஸ்டூடியோவுல சாதனம் வாரியா பிரிச்சுப் பாருங்க. ஒரு சாதனத்துல மட்டும் விழுந்திருந்தா சந்தேகம் எண்ணிக்கை மேலதான். எல்லா சாதனத்துலயும், எல்லாப் பழைய வீடியோவுலயும், ஒரே நாள்ல பொத்துனு விழுந்து, கிளிக் சதவீதம் மட்டும் மாறாம இருந்தா அப்ப அல்காரிதத்தைத் திட்டலாம், நானும் கூட வந்து திட்டறேன். நண்பர் சேனல்ல ரெண்டுமே இல்லை. எல்லா சாதனத்துலயும் சமமா இறங்கியிருந்தது, அதுவும் ஒரே நாள்ல இல்லை.

அவர் எப்படிப் பாத்திருந்தார்னா, கடைசி 28 நாளையும் அதுக்கு முந்தின 28 நாளையும் ஒப்பிட்டிருந்தார். முந்தின 28 நாள்ல ஒரு வீடியோ தற்செயலா நல்லா ஓடியிருந்ததால வீழ்ச்சி இன்னும் பயங்கரமா தெரிஞ்சிருக்கு. நாளை நாளோட ஒப்பிடறதை விட வீடியோவை வீடியோவோட ஒப்பிடணும், அதுவும் ஒரே வயசுல. நாங்க ஒவ்வொரு வீடியோவுக்கும் வெளியான மொத ஏழு நாள் கணக்கை மட்டும் எடுத்தோம்.

கணக்கு ரொம்ப சிம்பிள். எத்தனை தடவை தம்ப்நெயில் கண்ணுல பட்டுச்சு, அதுல எத்தனை சதவீதம் கிளிக் ஆச்சு. ரெண்டையும் பெருக்கினா வர்றது, தம்ப்நெயிலைப் பாத்து உள்ள வந்த பார்வைகள். (நோட்டிஃபிகேஷன், வாட்ஸப் லிங்க் வழியா வர்றது இதுல சேராது.) ஆக வியூஸ் குறைஞ்சதுன்னா ரெண்டுல எது குறைஞ்சது, எது முதல்ல குறைஞ்சதுங்கறதுதான் கேள்வி.

நண்பர் அந்த ரெண்டு மாசமா சமையலறைக் கழிவுல உரம் பண்றதைத் தொடரா போட்டுட்டு இருந்தார். பகுதி 1, கண்ணுல பட்டது 1,60,000 தடவை, கிளிக் 5.1 சதவீதம். பகுதி 2, 1,40,000 தடவை, 4.4 சதவீதம். பகுதி 3, 1,10,000, 3.7. பகுதி 4, 80,000, 3.1. பெருக்கிப் பாருங்க, 8,160ல ஆரம்பிச்சு 2,480ல வந்து நிக்குது.

ரெண்டுமே குறையுதே, எது முதல்லன்னு கேப்பீங்க. அதுக்கு மொத 24 மணி நேரத்தைத் தனியா பாத்தோம். முதல் மூணு பகுதிக்கும் மொத நாள்ல யூட்யூப் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குத்தான் காட்டியிருக்கு. ஆனா மொத நாள் கிளிக் ஒவ்வொரு பகுதிக்கும் குறைஞ்சிருக்கு, அப்புறம்தான் ரெண்டாம் நாள்ல இருந்து காட்டறதைக் குறைச்சிருக்கு. கடையில சரக்கு வைக்க இடம் குடுத்திருக்காங்க, வித்துப் போகலைன்னதும் ரேக்கை சின்னதாக்கிட்டாங்க. அவ்ளோதான்.

இங்க ஒரு எச்சரிக்கை. கிளிக் சதவீதம் குறைஞ்சாலே கெட்டதுன்னு அர்த்தம் இல்லை. வீடியோ நல்லா ஓட ஆரம்பிச்சா நம்மளைத் தெரியாதவங்களுக்கும் காட்டுவாங்க, அவங்க கம்மியாத்தான் கிளிக் பண்ணுவாங்க. காட்டறது ஏறி சதவீதம் இறங்கினா அது சந்தோஷமான இறக்கம். ரெண்டும் சேர்ந்து இறங்கினாத்தான் கவலை.

சரி, கிளிக் குறைஞ்சதுக்குக் காரணம் அட்டையா, சரக்கா? அட்டைன்னு நான் சொல்றது தலைப்பும் தம்ப்நெயிலும். உள்ள வந்தவங்க எட்டு நிமிஷ வீடியோவுல நாலு நிமிஷம் கிட்ட பாத்திருக்காங்க, நாலு பகுதிக்கும் அதேதான். ஆக வந்தவங்களுக்கு ஏமாற்றம் இல்லை. வராதவங்க ஏன் வரலைங்கறதுதான் பாக்கி.

இதுக்கு விடை ஒரு ரோஜாச் செடியில இருந்து வந்துச்சு. மூணாம் பகுதிக்கும் நாலாம் பகுதிக்கும் நடுவுல ரோஜா பதியன் போடறது பத்தி ஒரு வீடியோ போட்டிருந்தார். அதே மஞ்சள் எழுத்து, அதே சிவப்பு வட்டம், அதே மூஞ்சி. ஆனா கிளிக் 5 சதவீதம், 1,30,000 தடவை காட்டப்பட்டிருக்கு. டிசைன் பழசாயிடுச்சுன்னா இதுவும் விழுந்திருக்கணும் இல்லையா? சேனல் மேலயே அல்காரிதத்துக்குக் கோபம்னா இதுவும் விழுந்திருக்கணும். விழலை. கூடவே இன்னொண்ணு. உரத் தொடருக்குத் தேடல் மூலமா வந்தவங்க எண்ணிக்கை நாலு பகுதிக்கும் மாறவே இல்லை, சப்ஸ்க்ரைப் பண்ணினவங்க பார்வைதான் படிப்படியா தேய்ஞ்சிருந்தது. உரம் வேணும்னு தேடறவன் இன்னும் தேடறான். தினம் வீட்டுக்கு வர்ற விருந்தாளிதான் "இன்னிக்கும் உப்புமாவா?"ன்னு எழுந்து போயிட்டான்.

இதுதான் சலிப்போட அடையாளம்னு நான் நினைக்கறேன். ஒரே நாள்ல பள்ளம் விழாது, மாடிப்படி மாதிரி ஒவ்வொரு படியா இறங்கும். அட்டைக் கோளாறுன்னா குறிப்பிட்ட ஒரு வீடியோ மட்டும் குழியில கிடக்கும், முன்னாடி பின்னாடி இருக்கறது நல்லா இருக்கும்.

ஆனா அட்டை மேல தப்பே இல்லைன்னும் சொல்ல முடியாது. 'பகுதி 4'ன்னு தலைப்புல இருந்தா, முந்தின மூணைப் பாக்காதவன் தனக்கில்லைன்னு தாண்டிடுவான். அதனால நாலாம் பகுதியோட தலைப்பை மட்டும் "உரத்தொட்டியில புழு வந்தா என்ன செய்யணும்?"னு மாத்தினோம், வேற எதையும் தொடலை. ப்ரொடக்‌ஷன்ல பிரச்சனைன்னா ஒரே நேரத்துல மூணு மாத்தம் பண்ணக்கூடாதுங்கறது நம்ம பொழப்புல அடிபட்டுக் கத்துக்கிட்டது. தேடல்ல வர்ற கிளிக் பொதுவா கூடுதலா இருக்கும்ங்கறதால முகப்புப் பக்கக் கிளிக்கை மட்டும் பாத்தோம். பகுதி 1க்கு அங்க 4.6 இருந்தது, பகுதி 4க்கு 2.6. தலைப்பு மாத்தினப்புறம் 3.3. விட்ட ரெண்டு புள்ளியில 0.7 திரும்பி வந்துச்சு. ஆக மூணுல ஒரு பங்கு அட்டை, மீதி சலிப்பு. இது தோராயம்தான், ஏன்னா ரெண்டாவது வாரத்துல காட்டப்படற ஆட்களே வேற. துல்லியமா வேணும்னா ஸ்டூடியோவுல A/B சோதனை வசதி இருக்கு. மூணு தம்ப்நெயில் வரைக்கும் ஒரே நேரத்துல வேற வேற ஆட்களுக்குக் காட்டி, எதுக்கு அதிக நேரம் பாத்தாங்கன்னு சொல்லும்.

அப்புறம் என்ன பண்ணினார்? தொடரை நிறுத்தினார், உரத்தை நிறுத்தலை. "கத்தரிச் செடியில பூ உதிருதா?"ன்னு ஒரு வீடியோ, அதுக்குள்ள விடையா அதே உரம். நடுவுல கீரை, அப்புறம் மறுபடி ரோஜா. மொத வாரக் கணக்கு 6,100, 6,700, 7,000. பழைய 8,000 இன்னும் வரலை. மூணு வீடியோவை வெச்சு ஜெயிச்சுட்டோம்னு சொல்றதும் ஒரு கிரகப்பலன்தான், அதனால சொல்லலை.

வராதது ஒண்ணு இருக்கு. டெலீட் ஆன பதினாலுல ஒண்ணு, ஆடிப்பட்டத்துக்கு விதை போடறது பத்தினது. வருஷத்துல பத்து மாசம் செத்த மாதிரி கிடக்கும், ஆடி நெருங்கினா தேடல்ல வந்து நிக்கும். நண்பர் பங்குனியில பாத்துட்டு 'இது ஓடலை'ன்னு தூக்கிட்டார். மூணு வருஷமா சேந்த இடம் அது. இந்த ஆடிக்கு அதையே புதுசா எடுத்துப் போட்டார், எங்கயோ அடியில கிடக்கு.

"அல்காரிதம்..."னு ஆரம்பிச்சார். நான் போனை வெச்சுட்டேன் :-)

டிஸ்கி: நண்பர் சேனல் பேர் கேக்காதீங்க, உரத்தொட்டியில என்னைப் போட்டு மூடிருவார்.