எழுதியவர் யார்?

கைப்பேசியில் ஒரு வரி தட்டினால் போதும். செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒரு பக்கக் கட்டுரையைத் தந்துவிடும். பள்ளி ஒப்படைப்புகளில் இதனைப் பயன்படுத்தலாமா என்று பலரும் கேட்கின்றனர். பயன்படுத்தியவர் எதனைச் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதே முதலில் தெளிய வேண்டிய வினா என்பது என் கருத்து.

தில்லியில் பயிலும் ஒரு மாணவியை எண்ணிப் பாருங்கள். 'எங்கள் வீட்டுப் பொங்கல்' என்னும் தலைப்பில் அவள் கட்டுரை எழுத வேண்டும். செயலியிடம் கேட்கிறாள். முற்றத்தில் மண்பானை பொங்கியதாகவும், மாட்டுக்கு மாலை அணிவித்ததாகவும் அது எழுதித் தருகிறது. அவள் வீடோ மூன்றாம் மாடியில் உள்ளது. பொங்கல் வெந்தது எரிவாயு அடுப்பில், குக்கரில். முதல் நாள் லோடி கொண்டாடிய பஞ்சாபி அண்டை வீட்டார் அதனைச் சுவைத்து மகிழ்ந்தனர். செயலி அவள் வீட்டை அறியாது. பிறர் எழுதியவற்றின் சொற்போக்கை ஒட்டியே அது சொற்களை அடுக்குகிறது. அக்கட்டுரையின் கீழ் அவள் பெயரை இட்டால், நடவாத ஒன்றை நடந்ததாகக் கூறியவள் ஆவாள்.

இனி, கட்டுரையை அவளே எழுதிப் பிழைதிருத்த மட்டும் செயலியை நாடினாள் எனக் கொள்வோம். 'காலையில் பணி மூடியிருந்தது' என்று அவள் எழுதியதைச் செயலி 'பனி' எனத் திருத்துகிறது. இதனையும் சொல்ல வேண்டுமா? அறிவியல் ஒப்படைப்பாயின் இது சிறு உதவியே. தமிழ்ப் பாடத்திலோ எழுத்துப் பிழையின்மையும் மதிப்பிடப்படுகிறது. சொல்லாது விட்டால், அவளுக்கு னகர ணகர வேறுபாடு தெரியவில்லை என்பதை ஆசிரியர் அறியார், கற்பிக்கவும் மாட்டார். ஆகவே, எது மதிப்பிடப்படுகிறதோ அதில் பெற்ற உதவியை மறைத்தலாகாது.

சொல்லும் முறை எளிது. எந்தச் செயலி, எதற்காக, எந்தப் பகுதியில் என்னும் மூன்றையும் கட்டுரையின் இறுதியில் குறித்தால் போதும். 'கருத்தும் நடையும் என்னுடையவை; எழுத்துப் பிழைகளை இன்ன செயலியின் உதவியால் திருத்தினேன்; முதல் படியை இணைத்துள்ளேன்' என்று எழுதலாம். ஆசிரியர் செயலியே கூடாது என்று விதித்திருந்தால், இக்குறிப்பு அதற்கு அனுமதி ஆகிவிடாது.

கண்டுபிடிக்கும் கருவிகள் உள்ளனவே என்பர் சிலர். செயலி எழுதியதைக் கண்டறிய ஓப்பன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட கருவியை, துல்லியம் குறைவு என்று அந்நிறுவனமே 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. அத்தகைய கருவி தானே எழுதிய மாணவர்மீதும் பழி சுமத்தக்கூடும். அந்நிலையில் அவருக்குத் துணை நிற்பது அடித்தல் திருத்தல்களோடு கூடிய அவருடைய முதல் படியே.

உண்மையைச் சொன்னால் மதிப்பெண் குறையுமே என மாணவர் அஞ்சுவது இயல்பு. அனுமதித்த உதவியை வெளிப்படையாகக் குறித்தவருக்கு மதிப்பெண் குறைத்தல் முறையன்று. மாணவர் மறைக்காதிருக்க வேண்டுமெனில், ஆசிரியரும் விதியை முன்னரே தெளிவாக அறிவித்தல் வேண்டும்.