விரத நாளும் சர்க்கரை மாத்திரையும்

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் நடை வழக்கமாகத் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். அம்மனைப் பார்க்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருக்கும் பாட்டிகள் சுற்றுவட்டாரத்தில் உண்டு. அவர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வீட்டில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது ஒன்றே ஒன்றுதான்: “மாத்திரையை மட்டும் விட்டுடாதே.” நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் பாதி மட்டும் சொன்ன இந்த அறிவுரை, சாப்பிடாத நாளில் ஆளையே சாய்த்துவிடக்கூடும்.

சர்க்கரை மாத்திரை எல்லாம் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை வேறு. சோறு வந்ததா இல்லையா என்று பார்க்காமல் அவை கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். சோறு வராவிட்டால், ரத்தத்தில் இருக்கிற கொஞ்ச சர்க்கரையும் இறங்கிவிடும். 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் வியர்வை கொட்டும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். மேலும் இறங்கினால் பேச்சு குழறும், நினைவு தப்பும். வயதானவர்களுக்கு முதல் அறிகுறியே குழப்பமாக இருக்கலாம். அதை முதுமையின் தடுமாற்றம் என்று வீட்டார் விட்டுவிடுவதும் உண்டு. பிரஷருக்கு அட்டெனலால் சாப்பிடுகிறவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம், வியர்வை மட்டும் மிஞ்சும்.

படிக்காத ஒருவருக்கு இதை எப்படிச் சொல்வது? அப்பாயியிடம் கணையத்தைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. “அப்பாயி, இந்த மாத்திரை சோத்துக்கு உண்டான மாத்திரை. சோறு உள்ள போகலன்னா இது உன்னையே கீழ தள்ளிப்புடும். வேர்த்து, கை நடுங்கி, கண்ணக் கட்டுச்சுன்னா மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கலக்கிக் குடி. கால் மணி நேரத்துல தெளியலன்னா இன்னொரு தடவை குடி. தெளிஞ்சதும் ரெண்டு இட்லியாவது சாப்பிடு.” இதில் அவர் தயங்கும் இடம் நாம் எதிர்பார்க்கிற இடமாக இருக்காது. சர்க்கரை விஷம் என்று பல வருஷமாகக் கேட்டுவந்தவர், மயக்கம் வரும்போது சர்க்கரை டப்பாவைத் தொடவே பயப்படுவார். ஆகவே “சர்க்கரைக்காரிக்குச் சர்க்கரையான்னு அப்ப யோசிக்காத, அந்த நேரம் அதுதான் மருந்து” என்பதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும் என்பது பக்கத்தில் இருக்கிறவர்களுக்கான பாடம். இந்த வகை மாத்திரையின் வேகம் பல மணி நேரம் நிற்பதால், தெளிந்த பிறகும் சர்க்கரை மறுபடி இறங்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இப்படி விவரமாகச் சொன்னால் பயந்துபோய் மாத்திரையையே நிறுத்திவிடுவார்கள் என்கிறார்கள் சிலர். பொத்தாம் பொதுவாகப் பயமுறுத்தினால் அப்படித்தான் ஆகும். “சாப்பிடாத வேளைக்கு எதை விடலாம், எதை விடக் கூடாது” என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு, அந்த ஒன்றை மட்டும் சொன்னால் பயத்துக்கு இடமில்லை. மருத்துவர் விரதமே வேண்டாம் என்றும் சொல்லலாம். இன்சுலின் போடுகிறவர்கள் தாமாக எதையும் மாற்றக் கூடாது. பேரப்பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள், பாட்டிக்கு எதற்கு விளக்கம் என்ற வாதம் இன்னும் பலவீனமானது. சின்ன வெங்காயக் காட்டில் களை எடுக்கும்போது தலை சுற்றினால், பேரப்பிள்ளை பெரம்பலூரில் கல்லூரியில் இருப்பான்.

மருத்துவருக்கு நேரம் இல்லை என்பது உண்மையான தடை. ஆனாலும் நேரத்தைத் தின்பது விளக்கத்தைவிட, “புரிஞ்சுதா?” என்று கேட்டு “புரியுது சாமி” என்ற மரியாதைப் பதிலை வாங்கிக்கொண்டு போய், பிறகு மறுபடி வருவதுதான். அதற்குப் பதில், “வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போற, காலையில சாப்பிடல. இதுல எத எடுப்ப?” என்று மாத்திரைகளை முன்னால் வைத்துக் கேட்கலாம். தவறாக எடுத்தால் பாட்டி மேல் குற்றமில்லை. நாம் சொன்ன விதத்தை மாற்றித் திரும்பச் சொல்ல வேண்டும்.

மாத்திரையை எடுத்துக் காட்டும்போது நிறத்தை நம்பக் கூடாது. எழுத்துத் தெரியாதவருக்கு “வெள்ளை மாத்திரை” என்பது எளிதான அடையாளம்தான். ஆனால் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வெள்ளை மாத்திரைகள் இருக்கின்றன. கம்பெனி மாறினால் அட்டையும் மாறும். சில மாத்திரைகளில் மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் ஒன்றாகவே சேர்ந்திருக்கும், அதில் ஒன்றை மட்டும் விட முடியாது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து இந்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. புது அட்டை கைக்கு வரும்போதெல்லாம், இதில் சோத்துக்கு உண்டான மாத்திரை எது என்று கொண்டுவருகிறவரிடம் கேட்டு, அதைத் தனி டப்பாவில் போட்டு அடுப்படியில் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கலாம். மற்றவை வேறு இடத்தில் இருக்கட்டும்.