வாஷர் கிடைக்குமா?

ஐயா,

சென்ற இதழின் தெளிப்பான் கட்டுரை டேங்கின் கொள்ளளவோடு நின்றுவிட்டது பெருங்குறை. ஏக்கருக்கு 200 லிட்டர் மருந்துக் கலவை என்றால், 16 லிட்டர் டேங்கில் 12, 13 நடை. ஒவ்வொரு முறையும் முதுகில் 16 கிலோவுக்கு மேல். அறுபதைத் தாண்டிய என் போன்றோருக்கு அது பாரம்தான். ஆனால் அதைவிடத் தொல்லை உதிரிபாகம். என் கைத்தெளிப்பானில் பம்பு வாஷர் தேய்ந்து, எவ்வளவு அடித்தாலும் அழுத்தம் ஏறவில்லை. மருந்து புகையாகப் பரவாமல் சொட்டியது. அந்த அளவு வாஷர் எங்கள் ஊர்க் கடைகளில் இல்லை. புழு காத்திருக்குமா? மண்வெட்டிப் பிடி உடைந்தால் உள்ளூர் தச்சரே போட்டுத் தருவார். தெளிப்பானுக்கு அது நடக்காது. இனி கருவிகளை அறிமுகப்படுத்தும்போது வாஷர், நாசில், ட்ரிகர் ஆகியவற்றின் விலையையும் அவை கிடைக்கும் ஊர்களையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு சிறு விவசாயி,
மணப்பாறை